கஞ்சியில் தண்ணீர் எவ்வளவு?

*"என் மகளுக்கு ஒன்றரை வயது. எடை 8.4 கிலோ. முதல் பிறந்தநாள் சமயத்தில் 7.9 இருந்தாள். எதைக் கொடுத்தாலும் நாலைந்து வாய்தான், அப்புறம் உதட்டை இறுக்கிக்கொள்கிறாள். பதினெட்டு பொருள் போட்டு அரைத்த சத்துமாவில் ஒரு மேசைக்கரண்டி எடுத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் வெல்லம் சேர்த்துக் காலையும் மாலையும் கஞ்சி காய்ச்சுகிறேன். அதில் பாதிகூட உள்ளே போவதில்லை. கெட்டிப் பால் கொடுத்தால் சளி பிடிக்கும் என்று மாமியார் சொல்வதால் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து மூன்று பாட்டில் பசும்பால் தருகிறேன். இரவில் இன்னும் தாய்ப்பால் குடிக்கிறாள். நோய் எதுவும் இல்லை, சத்தாகக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். புரோட்டீன் பவுடர் வாங்கிக் கலக்கலாமா? கொஞ்சமாகச் சாப்பிட்டாலும் எடை ஏறுகிற மாதிரி கஞ்சி எப்படிக் காய்ச்சுவது?"*
*— வாசகி, விருதுநகர்*

அன்புள்ள சகோதரி,

பவுடர் வாங்க வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் கஞ்சியைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நல்லவேளையாக அளவுகளை எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலான கடிதங்களில் அது இருக்காது.

ஒரு மேசைக்கரண்டி மாவு என்பது ஏறக்குறைய 10 கிராம். அதில் 35 கலோரி. ஒரு ஸ்பூன் வெல்லத்தில் 20. ஆக மொத்தம் 55 கலோரி, ஒரு டம்ளர் தண்ணீரில் கரைந்து நிற்கிறது. கொதித்து வற்றிய பிறகு சுமார் 175 மில்லி இருக்கும். உங்கள் மகள் குடிப்பது அதில் 75 மில்லி என்று வைத்துக்கொண்டால், ஒரு வேளைக் கஞ்சியில் அவளுக்குக் கிடைப்பது 25 கலோரிக்குள்தான். புரதம் அரை கிராம். அதே 75 மில்லி தாய்ப்பாலில் 50 கலோரி இருக்கிறது. அதாவது பதினெட்டு பொருள் வறுத்து, அரைத்து, சலித்து நீங்கள் காய்ச்சும் கஞ்சி, அவள் இரவில் குடிக்கும் பாலில் பாதிச் சத்துகூட இல்லாதது. இணை உணவு தாய்ப்பாலைவிட அடர்த்தியாக இருந்தால்தான் அதைக் கொடுப்பதில் பொருள் உண்டு.

மாவில் குற்றம் இல்லை. தண்ணீர்தான் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இந்த வயதுக் குழந்தையின் வயிறு ஒரு நேரத்தில் தாங்கும் அளவைக் கிலோவுக்கு 30 மில்லி என்று கணக்கிடுவோம். உங்கள் மகளுக்கு அது 250 மில்லி. அது உச்ச அளவு. வசதியாகச் சாப்பிடுவது அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஒரு பாட்டில் தண்ணீர்ப்பால் குடித்தாலே அந்த இடம் நிறைந்துவிடுகிறது. அப்புறம் இட்லியோ சாதமோ கொண்டுபோனால் உதட்டை இறுக்காமல் என்ன செய்வாள்? அவளுக்குப் பசி இல்லை. அந்த விஷயத்தில் அவள் சரியாகத்தான் நடந்துகொள்கிறாள்.

அதனால் அவளை அதிகம் சாப்பிட வைக்கும் முயற்சியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அவள் சாப்பிடுகிற அதே நாலைந்து வாயை வைத்துக்கொண்டு, அதற்குள் எவ்வளவு அடக்கலாம் என்று பார்ப்போம்.

மாவைக் கூட்டிப் போட்டால் கஞ்சி களியாகிவிடுகிறதே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். அரிசியிலும் கேழ்வரகிலும் உள்ள மாவுச்சத்து, வெந்நீரில் தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைக் குடித்து உப்பிக்கொள்கிறது. 10 கிராம் மாவுக்கே கஞ்சி கெட்டியாவதால் அம்மாக்கள் தண்ணீர் ஊற்றி இளக்குகிறார்கள். குழந்தை எளிதாக விழுங்குகிறது, ஆனால் விழுங்குவது பெரும்பாலும் தண்ணீர். இந்தச் சிக்கலில் இருந்து வெளியே வர மூன்று வழிகள் உண்டு. தண்ணீருக்குப் பதில் பாலிலேயே காய்ச்சுவது ஒன்று. எண்ணெய் அல்லது நெய் சேர்ப்பது இன்னொன்று; அது கஞ்சியைக் கெட்டியாக்காது, இளக்கும், ஒரு டீஸ்பூனில் 40 கலோரியையும் கொண்டுவரும். மூன்றாவது, முளைகட்டிய தானிய மாவு. நம் வீடுகளில் இது புதிதில்லை, ஆனால் பயன்படுத்தும் முறைதான் பெரும்பாலும் தவறிப்போகிறது. அதை விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் அடிப்படை மாவு. பதினெட்டு பொருளும் வேண்டாம். அத்தனை போட்டால் பெரும்பங்கு எப்படியும் தானியம்தான்; முந்திரி, பாதாம் எல்லாம் ஒரு வேளைக் கஞ்சிக்கு மூக்குப்பொடி அளவுதான் வரும். தோலோடு அரைத்த கம்பும் கொள்ளும் வயிற்றை நிரப்பும். தோலில் தடிப்பு வந்தாலோ வயிறு கெட்டாலோ எந்தப் பொருளால் என்று கண்டுபிடிக்கவும் முடியாது. இரண்டு பங்கு அரிசி, ஒரு பங்கு பாசிப்பருப்பு போதும். அரிசியைப் பொரிந்து வெளுக்கும் வரையும், பருப்பை வாசனை வரும் வரையும் தனித்தனியாக வறுத்து, நைஸாக அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். தானியப் புரதத்தில் எது குறைவோ அது பருப்பில் நிறைய உண்டு, பருப்பில் குறைவானது தானியத்தில் உண்டு. இந்த ஒரு கலவையிலேயே புரதத்தின் தரம் உயர்ந்துவிடுகிறது. வெண்பொங்கலின் கணக்கும் இதுதான்.

வேர்க்கடலையை இந்த மாவோடு சேர்த்து அரைக்காதீர்கள். அதன் எண்ணெய் இரண்டு மூன்று வாரத்தில் காறிப்போய் மொத்த மாவையும் கெடுத்துவிடும். சுருங்கியது, கறுத்தது, பூசணம் பிடித்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிட்டு (கசக்கும் கடலையில் ஈரலைப் பாதிக்கும் பூஞ்சை நச்சு இருக்கக்கூடும்), வறுத்துத் தோல் நீக்கி, ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் பொடித்து மூடி வையுங்கள். முழுக் கடலையையோ இரண்டாக உடைத்ததையோ இந்த வயதில் கையில் கொடுக்கக் கூடாது, மூச்சுக்குழாயில் சிக்கிவிடும். இதுவரை வேர்க்கடலையே கொடுத்ததில்லை என்றால், முதல் நாள் பகல் நேரத்தில் கால் டீஸ்பூன் பொடியில் தொடங்குங்கள். உதடு வீங்குவது, தடிப்பு, வாந்தி, இருமல் எதுவும் இல்லையென்றால் இரண்டு மூன்று நாளில் முழு அளவுக்கு வரலாம்.

இனி முளைமாவு. கேழ்வரகு 200 கிராம் போதும். கழுவி, ஓர் இரவு ஊறவைத்து, நீரை நன்றாக வடித்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். விருதுநகர் வெயிலுக்கு ஒன்று அல்லது ஒன்றரை நாளில் வெள்ளை முளை எட்டிப்பார்க்கும். புளித்த வாடையோ, கறுப்போ சாம்பல் நிறமோ தெரிந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். நன்றாக முளைத்ததை வெயிலில் மொறமொறவென்று காயவைத்து, கையால் தேய்த்து முளையை உதிர்த்துப் புடைத்து, அரைத்துத் தனிப் பாட்டிலில் வையுங்கள். சோளத்தை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அதன் முளையில் நச்சுத்தன்மை உண்டு. கேழ்வரகும் கோதுமையும் சரி.

தானியம் முளைக்கும்போது, மாவுச்சத்தை உடைத்துச் செடிக்கு உணவாக்கும் அமிலேஸ் என்ற நொதி அதில் உண்டாகிறது. உப்பிய மாவுச்சத்தை அது துண்டு துண்டாக வெட்டுவதால், களியாக நின்ற கஞ்சி சில நிமிடங்களில் இளகிவிடும். குழந்தைகளின் கஞ்சிக்கு இதைப் பயன்படுத்துவது பற்றி 1980களில் பரோடாவில் நிறைய ஆய்வு நடந்தது. ஆனால் இந்த நொதி சூடு தாங்காது. கை பொறுக்காத, ஆனால் கொதிக்காத சூட்டில்தான் நன்றாக வேலை செய்யும். கொதி வந்தால் செத்துவிடும். நம் வீடுகளில் முளைகட்டிய ராகியை வாசனை வரச் சிவக்க வறுத்து அரைக்கிறோம். இல்லையென்றால் ஆரம்பத்திலேயே மாவைப் போட்டுக் கொதிக்க வைத்துவிடுகிறோம். ருசி இருக்கும், சத்தும் இருக்கும், ஆனால் கஞ்சி இளகாது. கடையில் "முளைகட்டிய ராகி மாவு" என்று விற்பதும் பெரும்பாலும் வறுத்ததாக இருக்கும். உங்களிடம் இருக்கும் மாவு வேலை செய்கிறதா என்பதைக் காய்ச்சும்போதே கண்ணால் பார்த்துவிடலாம்.

ஒரு வேளைக்குக் காய்ச்சும் முறையைச் சொல்கிறேன். சிறிய கனமான பாத்திரத்தில் 100 மில்லி தண்ணீர் கலக்காத பால், அதோடு கால் டம்ளருக்கும் குறைவாகத் தண்ணீர். காயும்போது வற்றுவதற்காகத்தான் அந்தத் தண்ணீர். அடுப்பில் வைப்பதற்கு முன்பே, ஆறிய பாலில் ஒன்றரை மேசைக்கரண்டி, அதாவது 15 கிராம், அரிசி–பருப்பு மாவைக் கட்டியில்லாமல் கரையுங்கள். சிறு தீயில் கைவிடாமல் கிளறினால் ஐந்து நிமிடத்தில் கெட்டியாகும். பச்சை வாடை போக மேலும் இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். குவித்த ஒரு டீஸ்பூன் வேர்க்கடலைப் பொடியைச் சேர்த்து இறக்குங்கள். இப்போது கரண்டியை நிமிர்த்திக் கவிழ்த்தால் கஞ்சி விழ மனமில்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள். ஆவி பறப்பது அடங்கி, பாத்திரத்தின் பக்கத்தைத் தொட்டால் கை சட்டென்று பின்வாங்குகிற சூடு இருக்கும்போது, அரை டீஸ்பூன் முளைமாவைத் தூவிக் கலக்குங்கள். மூடி வைத்து ஐந்து முதல் பத்து நிமிடம் கழித்துத் திறந்து பாருங்கள். கரண்டியிலிருந்து கஞ்சி தானாக வழிந்தால் நொதி உயிரோடு இருக்கிறது. அப்படியே களியாக நின்றால் மாவு வறுபட்டது, அல்லது நீங்கள் அவசரப்பட்டு அதிகச் சூட்டில் போட்டுவிட்டீர்கள். இளகிய பிறகு மறுபடி அடுப்பில் வைத்து ஒரு கொதி வரவிட்டு இறக்குங்கள். இந்தக் கடைசிக் கொதியைத் தவிர்க்காதீர்கள். ஈரத்தில் ஒன்றரை நாள் கிடந்த தானியத்தில் கிருமிகள் பெருகியிருக்கும், பச்சையாகக் கொடுத்தால் வயிற்றுப்போக்கில் முடியும். இறக்கியதும் ஒரு டீஸ்பூன் நெய் அல்லது தேங்காய் எண்ணெய்.

வெல்லம் வேண்டாம். மாவுச்சத்து உடையும்போது இயற்கையாகவே ஒரு மெல்லிய இனிப்பு வந்துவிடும். இரண்டு வயதுக்குள் சேர்க்கும் இனிப்பு வெல்லமானாலும் சர்க்கரையானாலும் கணக்கில் ஒன்றுதான். அவள் பழகிவிட்டாள் என்றால் ஒரு துண்டு வாழைப்பழத்தை மசித்துச் சேருங்கள்.

இப்போது கணக்கு. மாவில் 52 கலோரி, பாலில் 67, கடலைப் பொடியில் 28, நெய்யில் 40. சுமார் 187 கலோரி. புரதம் 6 கிராமுக்குச் சற்று மேல். கையில் வரும் கஞ்சி ஏறக்குறைய 120 மில்லி. அவள் வழக்கம்போல 75 மில்லியோடு வாயை மூடிக்கொண்டாலும் 115 கலோரியும் 4 கிராம் புரதமும் உள்ளே போயிருக்கும். நேற்றுவரை 25 கலோரி கிடைத்த அதே நாலைந்து வாயில் இது. இரண்டு வேளைக்கும் சேர்த்து ஒரு நாளில் 180 கலோரி கூடுகிறது. 8.4 கிலோ குழந்தைக்கு ஒரு நாள் தேவையே 700 கலோரியைச் சுற்றித்தான் என்பதால், அது பெரிய வித்தியாசம்.

இந்த அளவு பழகி வயிறு ஒத்துக்கொண்டால், இரண்டாவது வாரத்தில் மாவை 20 கிராமாக்குங்கள். முளைமாவு இருப்பதால் கஞ்சி அதையும் தாங்கும். ஆனால் இளகிவிட்டதே, இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றலாம் என்று மட்டும் கை போகக் கூடாது. கஞ்சி ஆற ஆற இறுகும் என்பதையும் மனதில் வையுங்கள். பதம் பார்ப்பது அவள் சாப்பிடும் இளஞ்சூட்டில்தான். ஸ்பூனைச் சாய்த்தால் தண்ணீர் மாதிரி ஓடாமல், மெதுவாக ஒரு சொட்டாகத் திரண்டு விழ வேண்டும்.

எண்ணெய் நல்லதென்று இரண்டு, மூன்று ஸ்பூன் ஊற்றுவதும் சரியல்ல. ஏற்கெனவே இந்தக் கஞ்சியின் கலோரியில் பாதி கொழுப்பிலிருந்து வருகிறது. அதற்கு மேல் போனால் புரதமும் மற்ற சத்துகளும் பங்கில் குறைந்துவிடும், குழந்தைக்கும் திகட்டும். மலம் பிசுபிசுவென்று எண்ணெய்ப் பளபளப்போடு போனால் அளவைப் பாதியாக்குங்கள். அதேபோல, பழைய சத்துமாவு மீதம் இருந்தால் அதிலும் இதே முறையில் காய்ச்சலாம், தூக்கிப்போட வேண்டாம். அங்கன்வாடியில் தரும் இணை உணவு மாவு வாங்குகிறீர்கள் என்றால் அதிலேயே வெல்லம் இருக்கிறது. மேற்கொண்டு இனிப்பு தேவையில்லை.

மாலை வேளைக்கு ஒரு காரக் கஞ்சியும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ருசி ஒரு வாரத்தில் அலுத்துவிடும். அதே 15 கிராம் மாவை அரை டம்ளர் தண்ணீரில் காய்ச்சி, கொதிக்கும்போது நன்றாக அடித்த ஒரு முட்டையை மெல்லிய நூலாக ஊற்றிக்கொண்டே கிளறுங்கள். முட்டை முழுதாக வேக வேண்டும். சிட்டிகை சீரகத்தூள், துளி மிளகு, ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய். பால் இல்லாமலே 160 கலோரி, 8 கிராமுக்கு மேல் புரதம். பாலைவிட முட்டையில் இரும்புச்சத்தும் கூடுதல். முட்டை சாப்பிடாத வீடாக இருந்தால், வேகவைத்து நன்றாக மசித்த பாசிப்பருப்பு இரண்டு கரண்டியும் கடலைப் பொடியும் சேர்க்கலாம். புரதம் சற்றுக் குறையும், பரவாயில்லை.

இப்போது பவுடர் விஷயம். இந்த வயதுக்கு ஒரு நாளைக்குப் புரதம் 12 கிராம் அளவில் போதும். நீங்கள் தரும் மூன்று பாட்டிலில் உண்மையான பால் 300 மில்லி என்று வைத்தால், அதிலேயே கிட்டத்தட்ட 10 கிராம் வந்துவிடுகிறது. தாய்ப்பால், இட்லி, பருப்புச் சாதம் எல்லாம் அதற்கு மேல். அவளுக்குப் பெரிதாகக் குறைவது புரதம் இல்லை, கலோரி. கலோரி குறையும்போது உடல் புரதத்தையே எரித்து அன்றாட வேலையைப் பார்த்துக்கொள்ளும். சதை போட அதில் மிச்சம் இருக்காது. அந்த நிலையில் பவுடரைக் கொட்டினால் விலை கொடுத்து வாங்கிய புரதம் விறகாகத்தான் போகும். பல பவுடர்களில் சர்க்கரையும் வாசனையும் தாராளமாக இருப்பது வேறு கதை. அதன் இனிப்புக்குப் பழகிய குழந்தை வீட்டுச் சாப்பாட்டை இன்னும் ஒதுக்கும்.

பாலைப் பற்றி மாமியாரிடம் பக்குவமாகப் பேசுங்கள். பாலால் சளி உண்டாவதில்லை. பால் குடித்த பிறகு நாக்கிலும் தொண்டையிலும் ஒரு வழவழப்பு தங்கும், அதைச் சளி என்று நினைத்துவிடுகிறோம். ஒன்றரை வயதுக் குழந்தை தண்ணீர் கலக்காத பாலைத் தாராளமாகச் செரிக்கும். "பாலைக் கூட்டவில்லை அத்தை, தண்ணீரைத்தான் எடுக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள், அது உண்மையும்கூட. மூன்று பாட்டிலுக்குப் பதில், கஞ்சியில் 100 மில்லி போக, 150 மில்லி கெட்டிப் பால் இரண்டு முறை, டம்ளரில். மொத்தம் 400 மில்லி. 500 மில்லிக்கு மேல் போக வேண்டாம். பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு, அது அதிகமானால் இரத்தசோகை வரும், இரத்தசோகை வந்தால் பசி போகும். பாட்டிலை ஒரு வாரத்தில் படிப்படியாக நிறுத்துங்கள். பாட்டிலில் குடிக்கும் குழந்தை பொழுதுபோக்காகவும் குடிக்கும், டம்ளரில் குடிப்பது பசிக்கு மட்டும்தான். முக்கியமாக, பால் சாப்பாட்டுக்குப் பிறகு, அல்லது இரண்டு மணி நேரம் முன்னால். சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு தரும் பால் அந்தச் சாப்பாட்டைக் கெடுக்கும். இடையில் பிஸ்கட்டும் வேண்டாம்.

காலை ஏழரைக்குக் கஞ்சி, பத்துக்குப் பால், பன்னிரண்டரைக்குப் பருப்போ முட்டையோ சேர்த்த நெய்ச் சாதம், மூன்றரைக்குப் பாலும் பழமும், ஆறு மணிக்குக் காரக் கஞ்சி, எட்டரைக்கு இட்லி அல்லது தோசை. இரவில் தாய்ப்பால் எப்போதும்போல. நேரம் அரைமணி முன்பின் ஆனால் குடி முழுகிவிடாது, வேளைகளுக்கு நடுவே இரண்டரை மணி இடைவெளி இருந்தால் போதும். ஒவ்வொரு வேளையும் அரைமணிக்குள் முடித்துவிடுங்கள். முதல் பத்து நிமிடத்தில்தான் அவள் பெரும்பகுதியைச் சாப்பிடுவாள். வாயை மூடிய பிறகு மூக்கைப் பிடித்து ஊட்டினால் அந்த வேளைக்கு இரண்டு ஸ்பூன் கூடும், அடுத்த வேளைக்குக் கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்தாலே தலையைத் திருப்புவாள்.

மீந்த கஞ்சியைப் பிளாஸ்கில் வைத்து மாலைக்குக் கொடுப்பது கூடாது. பாலும் புரதமும் நிறைந்த கஞ்சியில், அந்த வெதுவெதுப்பில், கிருமிகள் வேகமாகப் பெருகும். காய்ச்சிய ஒரு மணி நேரத்துக்குள் முடித்து, மிச்சத்தை நீங்களே குடித்துவிடுங்கள்.

எடை விஷயத்துக்கு வருகிறேன். 8.4 கிலோ என்பதைத் தனியாகப் பார்த்தால் பயப்படும்படி இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி வரைபடத்தில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தைக்கு 8.1 கிலோவுக்குக் கீழே போனால்தான் எடைக்குறைவு என்போம். என்னை யோசிக்க வைத்தது வேறு. ஒரு வயதிலிருந்து ஒன்றரை வயதுக்குள் பெண் குழந்தைகள் சராசரியாக 1.3 கிலோ ஏறுகிறார்கள். உங்கள் மகள் ஏறியது அரைக் கிலோ. ஒரு வயதில் இருந்த கோட்டிலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருக்கிறாள், இப்படியே விட்டால் நாலைந்து மாதத்தில் அந்த எல்லையைத் தாண்டிவிடலாம். மாதம் ஒருமுறை, அதே தராசில், காலையில், மெல்லிய உடுப்போடு எடை பாருங்கள். வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் மலம் போனது, தண்ணீர் குடித்தது எல்லாம் எடையாகத் தெரிந்து மனதைக் குழப்பும். இந்த வயதில் சாதாரண ஏற்றம் மாதம் 200 கிராம். நீங்கள் 250, 300 என்று கண்டால் கஞ்சி வேலை செய்கிறது என்று அர்த்தம்.

இன்னும் இரண்டு வேலைகள். டாக்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்த்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. பார்க்கவில்லையென்றால் கேட்டுப் பார்த்துவிடுங்கள். தண்ணீர்ப்பாலும் கஞ்சியுமாக வளரும் குழந்தைக்கு இரத்தசோகை இருக்க வாய்ப்பு அதிகம், இரும்புச்சத்துக் குறையை எந்தக் கஞ்சியும் சீக்கிரம் தீர்க்காது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இருமுறை 1 மில்லி கொடுக்கும் இரும்புச்சத்து சிரப்பை அரசுத் திட்டத்தில் கிராம சுகாதார செவிலியர் மூலம் தருகிறார்கள். அதையும் குடற்புழு மருந்தையும் விசாரியுங்கள். சிரப்பைப் பாலோடு கொடுக்காதீர்கள். பால் இரும்பை உடலில் சேரவிடாது. அடுத்தது, அங்கன்வாடியில் புயத்தின் சுற்றளவை நாடாவால் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். 12.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் வீட்டுக் கஞ்சியோடு நிற்காமல் மருத்துவக் கண்காணிப்பு வேண்டும். 11.5-க்குக் கீழே என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும். அந்த நிலையில் உள்ள குழந்தைக்குத் திடீரென்று அடர்த்தியான உணவு கொடுப்பதே ஆபத்து, அவர்கள் படிப்படியாகக் கொடுப்பார்கள். பாதத்தில் வீக்கம் இருந்தாலும் அப்படித்தான்.

ஒரு மாதம் இந்த முறையில் கொடுத்தும் 100 கிராம்கூட ஏறவில்லை என்றால், கஞ்சியில் இன்னும் என்ன சேர்க்கலாம் என்று யோசிக்காமல் குழந்தைகள் மருத்துவரிடம் திரும்பிப் போங்கள். சிறுநீர்த் தொற்று, இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல், வீட்டில் யாருக்காவது காசநோய், தூக்கத்தில் குறட்டை விடும் அளவுக்கு வீங்கிய டான்சில், அடிக்கடி வாந்தி, நாற்றமடிக்கும் பேதி, இவற்றில் ஏதாவது இருந்தால் அதைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். போகும்போது முந்தின மூன்று நாள் அவள் சாப்பிட்டதை, எத்தனை ஸ்பூன், எத்தனை மில்லி என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். இப்போது எனக்கு எழுதியது மாதிரியே.